பதினாலு சதவீதமும் ஒரு மறுபரிசீலனைக் கடிதமும்

ஓசூர் பக்கம் நான் வேலை பார்க்கிற தொழிற்சாலையில், ஒரு முறை 'முடியாது'ன்னு திரும்பி வந்த புராஜெக்டை யாரும் மறுபடி தொடுறதில்லைங்க. ஃபைல் அலமாரிக்குப் போயிடும், கேட்டவர் டீ குடிக்கும்போது ரெண்டு நாள் புலம்புவார், அத்தோடு சரி. 2024 செப்டம்பரில் எங்க மெயின்டனன்ஸில் இருக்கிற ஒரு தம்பி (வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆன பையன்) இந்த வழக்கத்தை மீறி மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதினான். அனுப்பறதுக்கு முன்னாடி என்கிட்டே கொண்டுவந்து காட்டினான். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கணக்கு கொஞ்சம் வரும். பயப்படாதீங்க, கூட்டல் பெருக்கல் தெரிஞ்சா போதும் :-)

முதல்ல புராஜெக்ட் என்னன்னு சொல்லிடறேன். எங்ககிட்டே 110 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரசர் ஒண்ணு இருக்கு. பழசு. வேகம் மாறாத வகை. காத்து தேவைப்பட்டால் முழு லோடில் ஓடும். தேவை குறைஞ்சால் அன்லோடுக்குப் போகும். அன்லோடுன்னா சும்மா இருக்குன்னு அர்த்தமில்லை. மோட்டார் சுத்திக்கிட்டேதான் இருக்கும், ஒரு சொட்டு காத்தும் தராமல் 35 கிலோவாட் தின்னும். மூணு ஷிஃப்ட், வாரத்துக்கு ஆறு நாள்ன்னு வருஷத்துக்கு ஏறக்குறைய 7,500 மணி நேரம் ஓடுற மெஷின் இது. அதில் நாற்பது சதவீத நேரம் இப்படி வெட்டியா சுத்துது. இதைத் தூக்கிட்டு வேகம் மாறுகிற (வி.எஃப்.டி.) கம்ப்ரசர் போட்டால் வருஷத்துக்கு 1 லட்சம் யூனிட் மிச்சம்னு தம்பி கணக்கு போட்டான். 2024 ஜூலையில் ஏறினதுக்கு அப்புறம் அப்போ எங்களுக்கு ஹெச்.டி. கட்டணம் யூனிட்டுக்கு 7 ரூபாய் 25 காசா இருந்துச்சு. ஆக மிச்சம் வருஷத்துக்கு 7.25 லட்சம். புது மெஷின் பைப்லைன் வேலையோடு சேர்த்து 40 லட்சம். ஆயுள் பத்து வருஷம்னு வெச்சுக்கிட்டான்.

எங்க கம்பெனியில் இதுக்கெல்லாம் கேபெக்ஸ் ஃபார்ம்னு ஒரு எக்ஸெல் ஷீட் உண்டு. "இன்றைய விலையில் ஆண்டு சேமிப்பு"ன்னு ஒரு கட்டம் இருக்கும், அதை நாம நிரப்பணும். டிஸ்கவுன்ட் ரேட் கட்டத்தில் 14%ன்னு முன்னாடியே அடிச்சு பூட்டி வெச்சிருப்பாங்க. (டிஸ்கவுன்ட்ன்னதும் ஆடித் தள்ளுபடி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. அடுத்த வருஷம் வரப்போற ரூபாய்க்கு இன்னிக்கு என்ன மதிப்புன்னு குறைச்சுப் போடுகிற விகிதம் இது.) தம்பி ஃபார்மில் கேட்டதைக் கேட்டபடியே நிரப்பினான். வருஷா வருஷம் 7.25 லட்சம், பத்து வருஷம், 14%. இன்றைய மதிப்பு 37.82 லட்சம் வந்துச்சு. போடுற காசு 40 லட்சம். 2.18 லட்சம் நஷ்டம். மேனேஜர் நிராகரிச்சுட்டார். அவரைக் குறை சொல்ல ஒண்ணும் இல்லை, ஃபார்ம் காட்டின நம்பர் அதுதான்.

ஒரு மாசம் கழிச்சு ஒரு சாயங்காலம் தம்பி வந்து, "அண்ணா, இந்தப் பதினாலு சதவீதம் எங்கேர்ந்து வந்துச்சு?"ன்னு கேட்டான். எனக்குத் தெரியலை. ரெண்டு பேரும் அக்கவுன்ட்ஸில் போய்க் கேட்டோம். பேங்க்கில் கடன் வாங்குகிற வட்டியையும் முதலாளிங்க எதிர்பார்க்கிற லாபத்தையும் கலந்து போட்டதுன்னு சொன்னாங்க.

அந்தப் பதில்தான் முக்கியம். பேங்க்காரர் வட்டி நிர்ணயிக்கும்போது, நாளைக்குத் திரும்பி வரப்போகிற ரூபாய் இன்றைய ரூபாயை விட இளைச்சுப் போயிருக்கும்னு தெரிஞ்சுதான் நிர்ணயிக்கிறார். பங்குக்காரர் எதிர்பார்ப்பும் அப்படித்தான். அப்போ 14%க்குள்ளேயே விலைவாசி உயர்வு உட்கார்ந்திருக்கு. ஆனால் மேலே நிரப்பின 7.25 லட்சத்தில் விலை உயர்வே கிடையாது. பத்தாவது வருஷமும் கரண்டு 7 ரூபாய் 25 காசுக்கே கிடைக்கும்னு அந்த ஷீட் நம்புது! ஒரு பக்கம் விலைவாசியைக் கழிக்கிறோம், இன்னொரு பக்கம் அதைச் சேர்க்கவே இல்லை. வாடகையை 2034 ரேட்டில் கேட்டுட்டு சம்பளத்தை 2024 ரேட்டில் குடுக்கிற மாதிரி. கரண்டு மிச்சம் பிடிக்கிற மாதிரி பல வருஷம் கொஞ்சம் கொஞ்சமா பலன் தருகிற புராஜெக்டுகளைத்தான் இது அதிகமா அடிக்கும். ஒரே வருஷத்தில் போட்ட காசு வந்துடும்னா இந்தக் குழப்பம் தெரியவே தெரியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அக்கவுன்ட்ஸில் "விலைவாசி போக நிகரமா எங்களுக்கு 14% வேணும், அது கம்பெனி கொள்கை"ன்னு சொல்லியிருந்தால் தம்பி கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். ஃபார்ம் சரி, திருத்த ஒண்ணுமில்லை. அதனால்தான் முதல்ல போய்க் கேட்கணும்னு சொல்றேன்.

சரி, தம்பி எழுதின முதல் வரைவு மூணு பக்கம். முதல் வரியே "நமது ஃபார்ம் அடிப்படையிலேயே தவறானது"ன்னு ஆரம்பிச்சது. அந்த ஃபார்மைப் போட்டவரும் கடிதத்தைப் படிக்கப் போகிறவரும் ஒரே ரூமில் உட்கார்ந்து மதியம் சாப்பிடுகிறவங்க. அடிச்சுடுன்னு சொன்னேன். அதைவிடப் பெரிய பிரச்சினை ரெண்டாவது பக்கத்தில் இருந்தது. பதினாலில் ஆறு போனால் எட்டுன்னு போட்டு, 8%க்குக் கணக்கு பண்ணி, எட்டரை லட்சத்துக்கு மேல லாபம்னு எழுதியிருந்தான். கழிக்கக் கூடாது, வகுக்கணும். 1.14 ஐ 1.06 ஆல் வகுத்தால் 7.55% வரும். அதைப் போட்டால் லாபம் இன்னும் கூடி 9.66 லட்சம் ஆகும். தம்பி முகத்தில் ஒரே சந்தோஷம்.

"இந்த ஆறு சதவீதம் எங்கேர்ந்து வந்துச்சு தம்பி?"

"விலைவாசிண்ணா. பொதுவா அப்படித்தானே போடுவாங்க?"

"நீ மிச்சம் பிடிக்கிறது தக்காளியா, கரண்டா?"

ரெண்டு பேரும் பழைய பில்லுங்களைத் தேடி எடுத்தோம். 2014 டிசம்பரில் ஹெச்.டி. தொழிற்சாலைக் கட்டணம் யூனிட்டுக்கு 6.35. அதுக்கப்புறம் பல வருஷம் அந்த ரேட் அசையவே இல்லை. 2022 செப்டம்பரில்தான் 6.75 ஆச்சு. 2024 ஜூலையில் 7.25. பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்தில் வருஷத்துக்குச் சராசரியா 1.4% தான் ஏறியிருக்கு. ஆறு எங்கே, ஒண்ணு புள்ளி நாலு எங்கே? இந்த 1.4% ஐப் போட்டுப் பார்த்தால் தம்பியோட 9.66 லட்சம் சுருங்கி வெறும் 26 ஆயிரம் ஆகுது. தம்பி முகமும் அதே அளவுக்குச் சுருங்கிச்சு.

ஆனால் பழைய கதை அப்படியே தொடரும்னும் சொல்ல முடியாது. 2022 உத்தரவில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், இனி ஒவ்வொரு ஜூலையிலும் நுகர்வோர் விலைக் குறியீட்டை ஒட்டி, அதிகபட்சம் 6% வரை கட்டணம் ஏறும்னு ஒரு முறை வெச்சது. அதன்படி 2023ல் 2.18%, 2024ல் 4.83% ஏறிச்சு. ஆக 6% ங்கிறது உச்சவரம்பு. அதையே சராசரியா எடுத்துக்கிட்டால் படிக்கிறவர் சிரிப்பார். பழைய பத்து வருஷத்தை மட்டும் எடுத்தால் நமக்கு நாமே ஆப்பு. நடுவில் 3% எடுக்கிறதுன்னு முடிவாச்சு. ஏன் மூணுன்னு கேட்டால் பில்லைக் காட்டலாம்.

இன்னொண்ணும் மாத்தினோம். டிஸ்கவுன்ட் ரேட்டைத் தொடவே வேண்டாம், 14% அப்படியே இருக்கட்டும், சேமிப்பை மட்டும் வருஷா வருஷம் 3% ஏத்திக் காட்டுன்னேன். ரெண்டு வழியிலும் விடை ஒண்ணுதான். ஆனால் "உங்க 14% தப்பு"ன்னு சொல்றதுக்கும் "உங்க 14% க்குப் பொருத்தமா என் சேமிப்பை மாத்தி எழுதியிருக்கேன்"னு சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கே! தேய்மானத்துக்கான வரிச்சலுகை, கடன் தவணை மாதிரி விலைவாசியோடு ஏறாத சமாச்சாரங்களைப் பின்னாடி சேர்க்கிறதுக்கும் இந்த வழிதான் வசதி. அதெல்லாம் அன்றன்றைய ரூபாயிலேயே நிலையா நிற்கிற தொகை. 7.55% மாதிரி விலைவாசி கழிச்ச ரேட்டில் அதைப் போட்டால் எதிர்ப்பக்கம் அதே தப்பு வரும்.

ஷீட்டில் செஞ்சது இவ்வளவுதான். A பத்தியில் 1 முதல் 10 வரை வருஷம், C பத்தியில் சேமிப்பு (லட்சத்தில்):

```
C3:  =7.25*(1+3%)^A3
D1:  =NPV(14%,C3:C12)-40
```

40ஐ வெளியே கழிச்சிருக்கிறதைக் கவனிங்க. எக்ஸெல்லின் NPV முதல் கட்டத்தையே ஒரு வருஷம் கழிச்சு வர்ற காசா எடுத்துக்கும். முதலீட்டையும் உள்ளே தள்ளிட்டால் அதுவும் ஒரு வருஷம் குறைஞ்சு போயிடும்.

விடை 3.28 லட்சம் லாபம். எங்கேர்ந்து வந்துச்சுன்னு புரியணும்னா பத்தாவது வருஷத்தை மட்டும் பாருங்க. பழைய ஷீட்டில் அந்த வருஷத்து 7.25 லட்சத்தோட இன்றைய மதிப்பு 1.96 லட்சம். புது ஷீட்டில் அந்த வருஷச் சேமிப்பு 9.74 லட்சம், இன்றைய மதிப்பு 2.63 லட்சம். இப்படி ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்ததுதான்.

கடைசியில் போன கடிதம் ஒரே பக்கம். ஆங்கிலத்தில் எழுதினது. தமிழில் என் பாணியில் தர்றேன்:

"மதிப்பிற்குரிய ஐயா,

கம்ப்ரசர் மாற்றும் திட்டத்தை மறுபடி பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் கொடுத்த கணக்கில் ஒரு பொருத்தமின்மை இருந்தது. 14% என்பது விலைவாசி உயர்வை உள்ளடக்கிய விகிதம் என்று அக்கவுன்ட்ஸில் உறுதி செய்துகொண்டேன். ஆனால் சேமிப்பைப் பத்து ஆண்டுகளுக்கும் இன்றைய கட்டணத்திலேயே காட்டியிருந்தேன்.

14% ஐ மாற்றவில்லை. முதலீடு, யூனிட், ஆயுள் எதையும் மாற்றவில்லை. மின்கட்டணம் ஆண்டுக்கு 3% உயரும் என்பதை மட்டும் சேர்த்தேன். 2.18 லட்சம் நஷ்டமாக இருந்தது 3.28 லட்சம் லாபமாகிறது. கட்டண உயர்வு 1.3% க்குக் கீழே போனால் திட்டம் மீண்டும் நஷ்டத்துக்குப் போகும். கடந்த பத்தாண்டுச் சராசரி 1.4% தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பில்களை இணைத்துள்ளேன்.

டிமாண்ட் கட்டணத்தில் எந்தச் சேமிப்பையும் சேர்க்கவில்லை. உச்சத் தேவை நேரத்தில் புது மெஷினும் முழு வேகத்தில்தான் ஓடும்.

1 லட்சம் யூனிட் என்பது கம்ப்ரசர் பேனலில் உள்ள லோடு மணி மீட்டரை வைத்துப் போட்டது. அது 92,400 க்குக் கீழே இறங்கினால் 3% உயர்விலும் லாபம் இல்லை. அடுத்த கேபெக்ஸ் கூட்டத்துக்கு முன் இருபது நிமிடம் ஒதுக்கினால் ஷீட்டோடு வருகிறேன்."

1.4% பற்றின வரியை எடுத்துடலாமான்னு தம்பி ரெண்டு தடவை கேட்டான். நமக்கு எதிரா நாமே எதுக்கு சாட்சி சொல்லணும்னு அவனுக்கு. நியாயமான கேள்விதான். ஆனால் மேனேஜர் இருபத்தஞ்சு வருஷமா இதே கரண்டு பில்லில் கையெழுத்துப் போடுகிறவர். அவராவே அதைக் கண்டுபிடிச்சால், மத்த நம்பரையும் நம்ப மாட்டார். வரி அப்படியே போச்சு.

ரெண்டு நாளில் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். டிஸ்கவுன்ட் ரேட்டைப் பற்றி ஒரு நிமிஷம்கூடப் பேசலைங்க. "இது புரியுது, சரிதான்"னு தள்ளி வெச்சுட்டார். நேரா கடைசிப் பாராவுக்குப் போனார்.

"பேனல் மீட்டர் மணியைத்தானே காட்டும்? அன்லோடில் 35 கிலோவாட்டுன்னு யார் சொன்னா?"

"கம்ப்ரசர் கம்பெனி கேட்டலாக்ல இருக்கு சார்."

"கேட்டலாக் மெஷின் புதுசா இருக்கும்போது போட்டதுப்பா. லாகர் மாட்டி ரெண்டு வாரம் அளந்துட்டு வா."

அளந்தோம். கரண்ட் கிளாம்ப் மாட்டின பவர் லாகர், நிமிஷத்துக்கு ஒரு பதிவு, ரெண்டு வாரம். நடுவில் ஒரு நாள் லைன் நின்னு போச்சு, அதைக் கழிச்சுட்டோம். கூட்டிப் பார்த்தால் வருஷத்துக்கு 97,000 யூனிட் மிச்சம். லாபம் 3.28லேர்ந்து 1.98 லட்சத்துக்கு இறங்கிச்சு. அதோட 3% க்குப் பதிலா பழைய 1.4% ஐப் போட்டால் 95 ஆயிரம் நஷ்டம். போச்சுடான்னு நினைச்சேன். தம்பி அந்த ரெண்டு நம்பரையும் ஒரே பேப்பரில் எழுதி எடுத்துக்கிட்டுப் போனான்.

மேனேஜர் அதைப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் கேட்டார்: "பழைய மெஷினுக்கு ஏர்-எண்ட் ஓவர்ஹால் எப்போ வருது?"

ஏர்-எண்டுங்கிறது ஸ்க்ரூ கம்ப்ரசரோட இதயம், ரெண்டு ரோட்டரும் பேரிங்கும் இருக்கிற பகுதி. இத்தனை ஆயிரம் மணி ஓடினால் பிரிச்சு மாத்தணும்னு கணக்கு உண்டு. எங்களுதுக்கு இன்னும் ரெண்டு வருஷத்தில் வருது, கொட்டேஷன் 5 லட்சம். புது மெஷின் போட்டால் அந்தச் செலவு மிச்சம். கேபெக்ஸ் ஃபார்மில் "ஆண்டு சேமிப்பு"ன்னு மட்டும்தானே கேட்டிருந்தது? ஒரே ஒரு தடவை வருகிற மிச்சத்தை எழுத இடமே இல்லை, தம்பிக்கும் தோணலை. ரெண்டாவது வருஷத்து 5 லட்சத்துக்கு 14%ல் இன்றைய மதிப்பு 3.85 லட்சம். சேர்த்தால் 3% உயர்வில் 5.83 லட்சம் லாபம். 1.4% தான் ஏறும்னு வெச்சால்கூட 2.9 லட்சம் லாபம். அதாவது கட்டண உயர்வைப் பற்றி நாங்க போட்ட சண்டையே முடிவை மாத்தாதுன்னு ஆயிடுச்சு!

ஓவர்ஹால் விஷயம் ஆரம்பத்திலேர்ந்து மேனேஜர் தலைக்குள்ளே இருந்ததுதான். முதல் தடவை ஃபார்மில் நஷ்டம்னு வந்ததும் அதைத் திறந்து பார்க்கவே வேலையில்லாமல் போச்சு. கடிதம் வந்து, நம்பர் பூஜ்யத்துக்குக் கிட்டே நிக்கிறதைப் பார்த்த பிறகுதான் வேற என்ன விட்டிருக்கோம்னு யோசிச்சிருக்கார்.

நவம்பர் கேபெக்ஸ் கூட்டத்தில் பாஸ் ஆச்சு. 2025 பிப்ரவரியில் மெஷின் வந்து இறங்கிச்சு, பழசு ஸ்டாண்ட்பையா ஓரத்தில் நிக்குது. அக்கவுன்ட்ஸில் ஒண்ணும் கோவிச்சுக்கலை. அவங்களே முந்தின ரெண்டு வருஷத்தில் நிராகரிச்ச நாலு ஃபைலை எடுத்து, விலை உயர்வு சேர்த்து மறுபடி போட்டுப் பார்த்தாங்க. ஒண்ணு மட்டும் லாபத்துக்கு வந்துச்சு. மத்த மூணும் எப்படிப் போட்டாலும் நஷ்டம்தான்.

இப்போ ஃபார்மில் ரெண்டு கட்டம் கூடுதலா இருக்கு. ஒண்ணு "தவிர்க்கப்படும் ஒருமுறைச் செலவு, ஆண்டுடன்". இன்னொண்ணு "ஆண்டு விலை உயர்வு %, ஆதாரத்துடன்". போன வாரம் ஒருத்தர் அதில் 10ன்னு போட்டு, ஆதாரம்னு இருந்த இடத்தில் ஒரு கோடு இழுத்து அனுப்பியிருந்தார். தம்பிதான் முதல்ல சரிபார்க்கிற ஆள் இப்போ. "பில் எங்கே சார்?"னு எழுதித் திருப்பி அனுப்பிட்டான்.